அதே விலை, அதே உறை

தேன்குழல் சுட்டு விற்கும் சொர்ணவல்லி, தெரு மகளிர் குழுவின் முன்னால் இரண்டு மாவு பாக்கெட்டுகளைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டும் அறுவது ரூவாதான். பழசுல அரைக்கிலோ, நூறு கிராம் பன்னெண்டு ரூவா. புதுசுல நானூறு கிராம், அப்ப நூறு கிராம் பதினஞ்சு. உறையைப் பாக்காதீக, எடையைப் பாருங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நெஞ்சு விடவில்லை.

"நான் பாக்கெட்டை எண்ணித்தான் மாவு பிசைவேன். பத்துப் பாக்கெட்டுக்கு ஐந்நூறு தேன்குழல் வர்றது நானூறாப் போச்சு. பொன்னுத்தாயிதான் மாவை அள்ளுறான்னு வேலையை விட்டு நிப்பாட்டிட்டேன். மன்னிச்சிரு தாயி."

கடைசி வரிசையிலிருந்த பொன்னுத்தாயி எழுந்தாள்.

"எடை குறைஞ்சிருக்குன்னு சொல்லத்தான் அன்னைக்கு வாயெடுத்தேன். நீங்க என் மடியை உதறச் சொன்னீக."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். சொர்ணவல்லி பாக்கெட்டுகளை இறக்கவே மறந்து நின்றாள்.