எழுநூற்றிருபது சரியாக வந்தது

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். ஜவ்வாது மலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அந்த நாளில் பக்கத்து வகுப்பு கணக்கு சார் மேல் நான் எரிந்து விழுந்ததற்கும் அதுதான் காரணம். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா டீச்சர், பட்டியல்ல பத்து வரிதான் கீது?"

மறுநாள் காலை எனக்கு எம்.பில். வைவா, வாய்மொழித் தேர்வு. கீழே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காலியாக இருந்தது. அந்த மாதத்துக்குள் பட்டம் கையில் இருந்தால் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு வருடமாக மலையிலிருந்து இறங்கத் தவித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆய்வேடு சமச்சீர் குலங்களைப் பற்றியது, பொருள்களை இடம் மாற்றும் கணக்கு. ஆறு பொருள்களை இடம் மாற்ற எழுநூற்றிருபது வழிகள் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் சுழல்களாகப் பிரிக்கலாம்: ஒன்று இரண்டின் இடத்துக்கு, இரண்டு மூன்றின் இடத்துக்கு, மூன்று மறுபடி ஒன்றின் இடத்துக்கு. சுழல்களின் நீளங்கள் ஒத்திருந்தால் இரண்டு மாற்றங்களும் ஒரே கான்ஜுகசி வகுப்பு. ஒத்திராவிட்டால் வேறு வேறு. பொருள்களுக்குப் பெயரை மாற்றி வைத்தாலும் சுழலின் நீளம் மாறாது, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை மாற்றங்கள் என்று எண்ணி எழுதியிருந்தேன். எல்லாம் கூட்டினால் எழுநூற்றிருபது வரவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கூட்டியபோது எழுநூற்றறுபது வந்தது. தபால் பை ஏறும் ஒரே பஸ் கிளம்ப அரைமணி நேரம்தான் இருந்தது. அதை விட்டால் கெடு தாண்டிவிடும். வரிகளைப் பார்த்தேன். மூன்று நீளச் சுழல் ஒன்று, மீதி மூன்றும் அசையாதவை: நாற்பது. சரியாக நாற்பதுதான் கூடுதல். மூன்று நீளச் சுழலை இரண்டு இடத்தில் எண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று இரண்டு பிரதியிலும் அந்த வரியை எழுத்தே தெரியாதபடி மையால் அடித்துவிட்டு, கவரை ஒட்டி ஓடினேன்.

சார் மேஜையில் ஆறு புளியங்கொட்டைகளை வைத்து, ஆறாக, ஐந்தும் ஒன்றுமாக, நாலும் இரண்டுமாக என்று பிரித்துக்கொண்டே போனார். பதினொரு விதம். "மூணு, ஒண்ணு ஒண்ணு ஒண்ணு, அது எங்க போச்சு?"

"வேலையப் பார்த்துக்குனு போங்க சார்" என்றேன். அவர் போகவில்லை.

"மூணும் மூணும்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு எப்படி எம்பது வந்துச்சு?"

ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்க இருபது வழி. எடுத்த மூன்றைச் சுற்றிவிட இரண்டு வழி, மீதி மூன்றுக்கும் இரண்டு வழி, ஆக எண்பது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. இந்த மூன்றை முதலில் எடுத்தாலும் அந்த மூன்றை முதலில் எடுத்தாலும் கிடைப்பது ஒரே மாற்றம். பாதியாக்க மறந்திருக்கிறேன். அதுவும் நாற்பதுதான். தவறான வரியை விட்டுவிட்டுச் சரியான வரியை அடித்திருந்தேன்.

மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பட்டியலை நம்பித்தான் எழுதியது. வரியை அடித்த பிரதி ஏற்கெனவே தேர்வாளர் கையில்.

"சொல்லாதீங்க டீச்சர்" என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "கூட்டல் சரியா கீது. தேர்வாளர் பார்த்திருக்க மாட்டாரு. வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

கோபத்தில் அவரைத் திட்டினேன். ஆனால் பஸ் மலையிறங்கிய ஒவ்வொரு வளைவிலும் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைக்குக் கீழே போளூர் வந்தும் பயம் விடவில்லை. பட்டியலைத் திறந்து கேட்டால் என்ன சொல்வது? தெரியாமல் அடித்தேன் என்றால் முட்டாள். தெரிந்து அடித்தேன் என்றால் திருடி.

மறுநாள் காலை தேர்வாளர் வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னார். ஆய்வேட்டின் மேல் அவர் கையை வைத்ததும் பயம் தாங்கவில்லை. அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: பாதியாக்காதது, கூட்டல் இடித்தது, ஒரு வரியை அடித்து ஒப்பேற்றியது.

அவர் பக்கத்தைத் தேடி எடுத்து வரிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து ஒரு கோடு போட்டார். "கூட்டல் சரியா இருந்துச்சு. அதனால உள்ள பார்க்கலம்மா" என்றார். "திருத்திட்டு மறுபடி அனுப்புங்க. இன்னிக்குத் தேர்ச்சி போட முடியாது."

அந்த மாதமே கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. நான் மலைக்குத் திரும்பி இன்னும் ஆறு வருடம் இருந்தேன். அன்று தேர்வாளர் முன்னிலிருந்து எழுந்து வரும்போது அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. எழுநூற்றிருபதுக்குப் பக்கத்தில் பச்சை மையில் அவர் முன்பே போட்ட அழகான ஒரு டிக் இருந்தது, அதன் மேல் அப்போதுதான் போட்ட கோடு ஈரம் காயவில்லை. அந்த டிக்கை நான் முன்னாலேயே பார்த்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன்.