ஏழாம் வகுப்பின் முதல் பீரியடு

அந்த வருடம் எங்கள் பள்ளியில் டைம்டேபிள் போடும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை போட்டுக்கொண்டிருந்த கணக்கு சார் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். நானும் கணக்கு டீச்சர், கம்ப்யூட்டரும் தெரியும். அதனால் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பில் வாரத்துக்கு எத்தனை பீரியடு என்ற ஒதுக்கீடு அதில் இருந்தது. பத்து வகுப்புகள், பதினைந்து ஆசிரியர்கள். ஒரு நாளைக்கு எட்டு பீரியடு, வாரத்துக்கு நாற்பது.

முதலில் ஒவ்வொரு வகுப்புக்கும் கூட்டினால் நாற்பது வருகிறதா என்று பார்த்தேன். எட்டு பி வகுப்புக்கு முப்பத்தொன்பதுதான் வந்தது, விளையாட்டில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் கட்டம் போட்டேன். குறுக்கே வகுப்புகள், மேலிருந்து கீழாக ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு பீரியடும். ஒரு கட்டத்தில் ஒரு பெயர்தான் இருக்க முடியும். ஒரே வரிசையில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், அந்த ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படி வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்து வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் பீரியடை நிரப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் வகுப்பாசிரியர்தான் முதல் பீரியடு எடுப்பார், வருகைப் பதிவேடு அவர் கையில். ஆகவே அந்த வகுப்பில் வாரத்துக்கு ஐந்து பீரியடாவது உள்ளவர்தான் வகுப்பாசிரியராக முடியும். பத்து வகுப்புக்குப் பத்துப் பேர் போக, மற்ற ஐந்து பேருக்குக் காலையில் ஓய்வு. ஏழு ஏ வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். எனக்கு அங்கே ஏழு பீரியடு.

சோசியல் டீச்சர் அப்போதே என்னிடம் வந்து கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அவர் மகளுக்குக் காது கேட்காது. அவளை எட்டு மணி ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத்தான் பஸ் பிடிப்பார். பஸ் ஒன்பதே காலுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். முதல் பீரியடு ஒன்பது இருபதுக்கு. பழைய சார் இத்தனை வருடமும் அவருக்கு முதல் பீரியடு வைத்ததில்லை. ஒதுக்கீட்டுத் தாளில் அது எங்கும் எழுதியிருக்கவில்லை. பார்க்கிறேன் டீச்சர் என்று நானும் சொன்னேன்.

ஆனால் என் மகளை அந்த ஜூனில்தான் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். பள்ளி வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ஆயாம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அங்கிருந்து வண்டியை எடுத்து வந்தால் பிரேயருக்கு வருவதே பெரும்பாடு. இரண்டாம் நாள் ஹெச்.எம்.மிடம் போய், டைம்டேபிள் பொறுப்பே பெரிய வேலையாக இருக்கிறது, ஏழு ஏவை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்றார். அந்த வகுப்பில் ஐந்து பீரியடு இருந்து, தனக்கென்று வகுப்பு இல்லாதவர் ஒருவர்தான். அவர் பெயரை நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்தே சொன்னேன்.

சோசியல் டீச்சரின் ஐந்து பீரியடும் ஐந்து நாள் முதல் பீரியடில் போய் உட்கார்ந்தன. மற்றதெல்லாம் மூன்று நாளில் முடிந்தது. எங்கும் சிவப்பு இல்லை. முதல் தடவையிலேயே கிளாஷ் இல்லாமல் வந்திருக்கிறது என்று ஹெச்.எம். மீட்டிங்கில் பாராட்டினார். "என் விளையாட்டு பீரியடைப் புடுங்காம ஒரு டைம்டேபிளா? கும்பிடுதேன் டீச்சர்" என்று பி.டி. சார் கையெடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் சோசியல் டீச்சர் தாளோடு வந்தார்.

"முதல் பீரியடு அஞ்சு நாளுமே எனக்கா டீச்சர்?"

"எங்கன மாத்தினாலும் கிளாஷ் ஆகுது டீச்சர். எவ்வளவோ பாத்துட்டேன்."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, கட்டம் அப்படி விழுந்தா நீங்க என்ன செய்வீங்க" என்று மடித்துப் பைக்குள் வைத்தார்.

நான் ஒரு முறைகூட மாற்றிப் பார்த்திருக்கவில்லை.

எங்கள் பள்ளியில் தன் வகுப்புக்குப் பிந்தி வந்தால்தான் லேட் போடுவார்கள், மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் லீவு கழியும். அவர் லீவை எதற்குச் சேர்த்து வைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மகளின் காது மெஷினைச் சரிபார்க்கத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு முழு நாள் போய்விடும். ஜூலை முடிவதற்குள் ஆறு லேட். ஒரு நாள் லீவு போயிருந்தது.

என் மகளோ இரண்டே வாரத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள். இறக்கிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவாள். நான் ஒன்பது பத்துக்கெல்லாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். எதற்காக அந்தக் காலை ஓய்வை எடுத்துக்கொண்டேனோ அந்தக் காரணம் இல்லாமல் போன பிறகும் ஓய்வு என்னிடமே இருந்தது. சோசியல் டீச்சர் வந்து சேராத காலைகளில் ஏழு ஏயின் சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்கும். சில நாள் நானே போய் நிற்பேன். மூச்சு வாங்க வந்து சேரும் அவர், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் ஓய்வு பீரியடில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் சொன்னது உண்மையாகவே இருந்துவிடக்கூடாதா என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஏழு ஏயில் அவருடைய முதல் பீரியடையும், அதே நாளில் என் கணக்குப் பீரியடையும் மாற்றிப் போட்டேன். நான் முதல் பீரியடில் எப்படியும் சும்மாதான் இருக்கிறேன். என் பழைய இடத்தில் அவருக்கு வேறு வகுப்பு இல்லாவிட்டால் போதும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒரே மாற்றில் சரியாகின. செவ்வாயும் வியாழனும் சிவப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் ஒன்பது பியில் இருந்தார். ஒன்பது பியில் அவருடைய பீரியடையும் அன்றைய சயின்ஸ் பீரியடையும் மாற்றினேன். சயின்ஸ் சாருக்கு அந்த நேரம் ஓய்வு, இவருக்கும் அந்தப் பக்கம் ஓய்வு. சிவப்பு போய்விட்டது.

மணி அடித்தது. மொத்தம் ஒரு பீரியடுகூட ஆகவில்லை.

ஹெச்.எம்.மிடம் போய் ஏழு ஏவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மகளுக்காகத்தான் விட்டேன், இப்போது பழகிவிட்டாள் என்று இந்த முறை சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, சரி, மாற்றி ஒட்டுங்கள் என்றார். அந்த ஆறு லேட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். பதிவேட்டில் ஏறியதை அழிக்க முடியாது என்றார்.

சோசியல் டீச்சரிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது. கை கழுவும் குழாயடியில், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னேன். அன்றைக்கே மாற்றியிருக்க முடியும், நான் பார்க்கவே இல்லை, உங்கள் காலை ஓய்வை என் பிள்ளைக்காக எடுத்துக்கொண்டேன் என்று.

அவர் குழாயை மூடினார்.

"பிள்ளை அழுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு மாசம் முதல் பீரியடை நானே எடுத்திருப்பேன்லா. எனக்குத் தெரியாத அழுகையா?"

நான் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினேன்.

"கட்டத்து மேல பழியப் போட்டீங்க பாருங்க, அதான்" என்று சொல்லிவிட்டு தன் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டு போனார். ஆகஸ்டில் மகளைத் திருநெல்வேலிக்கு அவர் கூட்டிப் போகவில்லை, லீவு பற்றாமல் அவர் வீட்டுக்காரர் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லீவு பற்றாததால்தானா, வீட்டுக்காரருக்கே அன்றைக்கு வசதிப்பட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதிய டைம்டேபிள் ஒட்டிய முதல் திங்கட்கிழமை. ஏழு ஏயில் வருகை எடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நம்பரைக் கூப்பிடும்போது ஜன்னல் வழியாகப் பள்ளி கேட் தெரிந்தது. சோசியல் டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு அடுத்த பீரியடுதான் வகுப்பு. பாதி வழியில் அதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நின்றார். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெல்ல நடந்து வந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான் பதினெட்டாம் நம்பரை இன்னொரு முறை கூப்பிட்டேன்.