நர்ஸ் அக்காவும் லண்டன் வங்கியும்

நாகேஸ்வரியின் பெயர் கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் வயதான பெண்கள் நாலு பேரை வைத்துப் பராமரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நர்ஸ் அக்காதான். மீன்காரன் முதல் சோதனைச் சாவடிப் பொலிஸ்காரன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பேர்தான் இப்போது வினையாகியது. கீழ்மாடி ஃபிளாட் காலியாகி, வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் தந்தால் அவளுக்கே என்றார் வீட்டுக்காரர் நிலாம். லிஃப்ட் இல்லாத கட்டடம். நாலு பேரும் வாசலையும் தெருக்கோடிக் கடலையும் கண்டு மாதங்களாயிற்று. அவர்களில் ஒருத்தியின் மகன் சிவானந்தன் லண்டனிலிருந்து உடனே பணம் அனுப்பினான். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் "நர்ஸ் அக்கா" என்று போட்டான். கணக்கில் அந்தப் பெயர் இல்லையென்று கொழும்பு வங்கி திருப்பிவிட, லண்டன் வங்கி இது யாரென்று விசாரித்தது. அவரையே விவரம் எழுதச் சொல்லுங்கள் என்று சிவானந்தனிடம் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது.

காலி வீதி என்னும் பெருந்தெருவில், ஃபோனும் மின்னஞ்சலும் உள்ள கொமினிகேஷன் கடை நடத்தும் கைருன்னிஸாவிடம் நாகேஸ்வரி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லித் தன் தமிழ்க் குறிப்பை நீட்டினாள். அவள் அதை உரக்க வாசித்தாள்.

"'நர்ஸ் அக்கா நான்தான். வெள்ளவத்தையில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். கிழவிக்கு முழங்கால் வீக்கம், கெதியா அனுப்புங்கோ.' அக்கா, லண்டன்காரன் வெள்ளவத்தைக்கு வந்து கேப்பானா?"

"கேட்டா என்ன குறைஞ்சு போவான்?"

"முழங்கால வெட்டுறேன்."

"வீக்கம் உண்மையடி!"

"உண்மைதான். பேங்குக்கு அது தேவல்ல. பாஸ் புக்குல என்ன பேரு?"

"கதிரவேலு நாகேஸ்வரி."

கைருன்னிஸா நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குப் பேரும் இருக்கா அக்கா?"

இருவரும் சிரித்ததில் ஃபோன் கூண்டிலிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

கைருன்னிஸா எழுதியது ஆங்கிலத்தில் ஆறே வரி. திரும்பிய பணத்தின் இலக்கமும் திகதியும், கணக்கிலுள்ள முழுப் பெயரும் கணக்கு எண்ணும், பணம் எதற்கென்ற விவரமும். நர்ஸ் அக்கா என்பது ஊர் வழங்கும் பெயர், ஆள் ஒன்றே. பாஸ் புக், அடையாள அட்டைப் பிரதிகளை ஸ்கான் செய்து இணைத்தாள். பெயரைத் திருத்தி மீண்டும் அனுப்பும்படி சிவானந்தன் வங்கிக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பார் என்று முடித்து, அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

"இவ்வளவு குட்டியா எழுதினா மரியாதையில்லையெண்டு நினைக்க மாட்டினமோ?"

"வேலையுள்ளவன் சந்தோஷப்படுவான்."

சிவானந்தன் அன்றே வங்கிக்குப் போய்க் கையெழுத்திட்டான். வியாழக்கிழமை பணம் கணக்கில் விழுந்தது.

சனிக்கிழமை நாலு பேரையும் கதிரைகளில் இருத்தி, ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார்கள். முன்னால் நடந்த நாகேஸ்வரி, "மெல்ல, மெல்ல! அது அரிசி மூட்டையில்லை" என்று சத்தம்போட்டாள். சிவானந்தனின் தாய் வாசற்படியில் கால் ஊன்றியதும், உள்ளே போக மறுத்துவிட்டாள்.

"முதல்ல அந்தக் கடலைப் பார்ப்பம்," என்றாள்.

மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். இறக்கிய சாமான்கள் நடைபாதையிலேயே கிடந்தன.