பெயர்களின் வரிசை

மாலை நாலு இருபது. கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது என் பெயர். அதற்குக் கீழே அவளுடைய பெயர்.

யுத்தம் முடிந்த வருடம். கல்முனைச் சந்தியில் காவலரண் இன்னும் அகற்றப்படவில்லை. அதற்கு எதிரே இருந்த நெட் கபேயில் நானும் என் ஆய்வு உதவியாளரான அவளும் உட்கார்ந்திருந்தோம். கொழும்பு மாநாடு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பவேண்டும். ஐந்து மணிக்கு இணையத்தளம் மூடிவிடும். சுனாமியில் கடல் ஏறிய நிந்தவூர் வயல்களில் உப்பு எப்படிக் குறைந்தது என்பதுதான் விடயம். அதில் ஒரு வயல் அவளுடைய வாப்பாவினது. சேற்றில் இறங்கி மண் எடுத்தவள், அளந்தவள், எழுதியவள் அவள். நான் முன்பு பத்திரிகையில் வேலை செய்த பழக்கத்தில் வசனங்களை வெட்டிச் சொல் எல்லைக்குள் அடக்கினேன்.

பல்கலைக்கழகத்தில் நான் படிப்பிக்கும் துறையில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். முதல் ஆசிரியராக வந்த ஆய்வுக்கே அங்கு புள்ளி.

விபரங்களை நிரப்பியவளும் அவளே. தொடர்புகொள்ள வேண்டிய ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயருக்குச் சரி போட்டிருந்தாள். நிறுவனம் இருவருக்கும் எங்கள் துறை. வரிசையில் மட்டும் நான் முதல்.

அப்போதே சொல்லியிருக்கலாம். என் பெயரை இரண்டாம் தடவை வாசித்தேன். நன்றாக இருந்தது. திறவுச்சொற்களைப் பற்றிக் கதைத்தேன். “மண் எண்டு மட்டும் போட்டா உலகத்து மண்ணெல்லாம் வரும்” என்றேன். சிரித்துக்கொண்டே ‘மண் உவர்ப்பு’ என்று திருத்தினாள். சமர்ப்பித்தாள். பிளேன்டி வந்தது.

தேநீரைக் குடித்துக் கோப்பையை வைத்த பிறகே கேட்டேன்.

“ஏன் புள்ள என்ட பேர முதல்ல போட்டீங்க?”

“கலியாணக் கார்டிலயும் பெரியாக்கள்ர பேர்தானே சேர் முதல்ல வாற?”

“இது கலியாணமில்ல. உங்கட வேல போயிரும். மாத்துங்க.”

“உங்களக் கீழ போட்டா வாப்பா என்னக் கொன்றுபோட்டுருவார்.”

“வாப்பாவோட நான் கதைக்கிறன்.”

மூடும்வரை, இன்னும் சில நிமிடங்களுக்கு, திருத்த இடமிருந்தது. அவள் அம்புக்குறியை அழுத்தித் தன் பெயரை மேலே ஏற்றினாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது.

“எல்லாரும் கடைசி நேரத்திலதான் ஏறுறீங்க, பஸ்ஸுக்கு மாதிரி” என்றார் கடைக்காரர்.

பக்கம் திரும்பி வந்தபோது ஐந்து மணி கடந்திருந்தது. சமர்ப்பிப்பு முடிந்துவிட்டது என்றது. பெயர்கள் பழைய வரிசையிலேயே இருந்தன.

“பரவால்ல சேர்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

மறுநாள் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன். சுருக்கங்கள் மதிப்பீட்டாளர்களிடம் போய்விட்டதால் ஆசிரியர் வரிசையை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சுருக்கம் ஏற்கப்பட்டது. மேடையில் வாசித்தவள் அவள்தான். யார் வேலை செய்தது என்று தெரிவுக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தேன். அச்சில் உள்ள வரிசையைத்தான் பார்ப்போம் என்றார்கள். பதவிக்கு வேறொருவர் வந்தார்.

அறுவடை முடிந்ததும் அவளுடைய வாப்பா, கடல் ஏறிய அந்த வயல் அரிசியில் ஒரு மூட்டையை மகளின் சேருக்கென்று கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார்.