பெருங்குடிக்குக் குடிபோவதாக அறிவுமதி சொன்னது

புதுச்சத்திரம் அறிவுமதி மூன்று வருடங்களாக வீட்டுக்குச் செய்துவந்த பெரும் சேவை, ஓர் அறையில் படுத்துத் தூங்கியதுதான். அவள் அப்பா செங்கோடனும் பெரியப்பா ரங்கனும் பாகம் பிரித்த வீட்டில் நடு அறை மட்டும் யாருக்கென்று தீரவில்லை. பெண்பிள்ளை புழங்கும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஆகவே பி.காம். படித்த அறிவுமதி அந்த அறைக்குப் பூட்டாக நியமனம் பெற்றாள்.

அன்று அதே அறையிலிருந்து வீடியோ அழைப்பில் சென்னைக் கம்பெனியின் கடைசி நேர்காணல். எச்.ஆர். மேடம் நித்யஸ்ரீ எல்லாம் கேட்டுவிட்டு விண்ணப்பத்தைப் பார்த்தாள். விலாசம் நாமக்கல் பக்கம், வேலை பெருங்குடியில், எப்படி என்றாள். வெளியூர்க்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வராமல் போய்விடுவதால் கேட்கிறாளாம்.

அறிவுமதி எதையும் மறைக்கவில்லை. இது பெற்றோர் வீடு. ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதியில் இடம் சொல்லி வைத்தாயிற்று. சேருவதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவாள். சிக்னல் மோசம். எனவே முக்கியமானதை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

"இந்த ஊட்டக் காலி பண்ணிட்டு வந்துருவேனுங்க மேடம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கனுக்குச் சிக்னல் பிரமாதமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததென்று கருதிய அம்மனிதர், சட்டத்தை மதிக்கும் வேகத்தில் கடப்பாரையை எடுத்தார். மூன்றாவது குத்தில் செங்கல் உள்ளே விழுந்தது; பத்தாவதில் சுவரே சரிய, ரங்கன் ஓட்டை வழியாக அறைக்குள் வந்தார். செங்கோடன் மண்வெட்டிக் காம்போடு ஓடிவந்து அண்ணன் தோளில் மரியாதையாக ஒன்று போட்டார். கடப்பாரை நழுவியது. அண்ணன் கைக்குக் கிடைத்த செங்கல்லைத் தம்பி நெற்றியில் பதித்தார். ரத்தம் மூக்கு வழியாக இறங்கி வேட்டியில் சொட்டியது. அறிவுமதியின் அம்மா பெருமாயி இடையில் புகுந்து, யாரென்று பாராமல் இருவரையும் சமமாகச் சாத்தினாள்.

"அந்தப் புள்ளையே காலி பண்றேன்னு சொல்லுது. இன்னும் என்னடா உனக்கு?" என்றார் ரங்கன்.

"எம்புள்ள எங்கயும் போவாது," என்று செங்கோடன் கர்ஜித்தார்.

போனில் நித்யஸ்ரீயின் முகம் இறுகியது. வீட்டிலே அனுப்பமாட்டார்கள் போலிருக்கிறதே என்றாள்.

அறிவுமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் நெற்றியை முந்தானையால் அழுத்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை லேசாக வாசல் பக்கம் அசைத்தாள். அறிவுமதி போனைத் திருப்பிக் காட்டினாள்: ஆள் நுழையும் அளவு ஓட்டை, செங்கல் குவியல், அதன் மேல் மூச்சு வாங்கும் இரண்டு பெரியவர்கள்.

"அப்பா அறைக்காகச் சொல்றாருங்க மேடம். நான் எனக்காகச் சொல்றேன். ஒரு வாரம் முன்னாடின்னு சொன்னேன்ல, அதை மாத்திக்கறேன். நாளைக்கே வாரேன்."

நித்யஸ்ரீ அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு, ஆஃபர் லெட்டர் மெயிலில் வரும், விடுதி விலாசத்தை இப்போதே சொல்லுங்கள் என்றாள். அறிவுமதி சொன்னாள். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம், சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி.