மேஜரும் வரும் சனிக்கிழமையும்

எங்கள் தொழிற்சாலையின் இரண்டாவது கேட்டில் ஒன்பது வருஷமாக நிற்பவரை எல்லோரும் மேஜர் என்போம். மனிதர் ராணுவத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. மீசைக்காக வந்த பட்டம். சொல்லப்போனால் அவர் எங்கள் ஆளே இல்லை. காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஆள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டியூட்டி. வார விடுமுறை காகிதத்தில் உண்டு. மாற்று ஆள் வராததால் அதுவும் கேட்டிலேயே கழியும். நான் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்ப்பவன். ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தே எனக்கும் ஒன்பது வருஷம் போயிற்று.

நாங்கள் பாட்டில் மூடி செய்கிறோம். புது மெஷின்கள் வந்தன, ஆள் வேண்டியிருந்தது. எச்.ஆரில் இருக்கும் பெண் ஒரு படம் போட்டு, கீழே விவரம் எழுதி வாட்ஸப்பில் விட்டாள். கெட்டிக்காரப் பெண். முந்தைய முறை தேதி போட்டு எழுதியபோது மேனேஜர் மூன்று தடவை தேதியை மாற்றினார். மூன்று தடவையும் திட்டு அவளுக்குத்தான். அதனால் இந்தத் தடவை யாரும் கைவைக்க முடியாதபடி எழுதினாள்:

“நேரடி நேர்முகத் தேர்வு. நாள்: வரும் சனிக்கிழமை, காலை 9 முதல் 1 வரை. இடம்: தொழிற்சாலை, கேட் 2. வேலை: டிரெய்னி ஆபரேட்டர். பத்தாம் வகுப்பு போதும். வயது 45க்குள். கொண்டுவர வேண்டியவை: மார்க் ஷீட் ஒரிஜினல், ஜெராக்ஸ் இரண்டு செட், அடையாள அட்டை, பாஸ்புக் நகல், போட்டோ நான்கு. ஷிப்ட்: ஏ 6–2, பி 2–10, சி 10–6, வாரம் ஒருமுறை மாறும்.”

தொடர்புக்கு, கேட்டில் மேஜரிடம் இருக்கும் மொபைலின் நம்பர். மேனேஜருக்கு போன் தொந்தரவு ஆகாது.

அந்தச் சனிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள், இருபத்தைந்து பேரை எடுத்தோம், கதை முடிந்தது. எங்களுக்குத்தான் முடிந்தது. செய்திக்கு எங்கே முடிந்தது? அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் ஃபைலும் கையுமாக நின்றார்கள். அதற்கடுத்த வாரம் எழுபது. உலகத்தில் எந்த நாளில் படித்தாலும் வரும் சனிக்கிழமை வந்துகொண்டுதானே இருக்கும்! அந்தப் பெண் பதறிப்போய்த் திருத்தம் போட்டாள். திருத்தத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

மேனேஜர் மேஜரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். “ஆள் எடுக்கலைன்னு சொல்லாதீங்க, கம்பெனி பேரு கெட்டுடும். ஆனா கூட்டமும் சேரக் கூடாது.” அதை எப்படிச் செய்வதென்று அவருக்கே தெரியாது என்பது என் கருத்து. படித்தவர்.

மேஜர் தன் வழியில் செய்தார். வந்தவர்களிடம் செய்தியை வரி வரியாகப் படித்துக் காட்டி, இது பழசு என்று புரியவைத்தார். படிக்கும்போது ஒரே ஒரு வரியில் அவர் குரல் இளகும். கூட்டம் கலைந்ததும் என் ஜன்னலுக்கு வருவார்.

“ஆறு டு ரெண்டு சார். ரெண்டு மணிக்கு வெளிய. வெயில் இருக்கும்போதே வீடு. நெனச்சுப் பாருங்க.”

“நெனச்சிட்டே இருந்தா? அன்னிக்கே நீங்களும் இன்டர்வியூல உக்காந்திருக்க வேண்டியதுதானே?”

“ஒரிஜினல் கேக்கறாங்களே. என் மார்க் ஷீட்டு ஏஜென்சி பீரோவுல கெடக்கு. சேரும்போதே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஒரிஜினல் இல்லாதவனை உள்ள விடாதேன்னு எனக்கே உத்தரவு. இன்னும் நாலு மாசத்துல வயசும் தாண்டிடும். விடுங்க சார்.”

ஆறாவது சனிக்கிழமை ஒருவர் மூன்று பஸ் மாறி, இரவல் ஷூவோடு வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பிய பிறகு மேஜருக்கு மனசே சரியில்லை. கேட் மொபைலை எடுத்து, அதில் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: “நான் ரெண்டாம் நம்பர் கேட்டு மேஜர் பேசறேன். அந்த மெசேஜ் பழசுங்க. எங்க போட்டிருந்தாலும் நம்பாதீங்க, வராதீங்க. காசை பஸ்ஸுல கொட்டாதீங்க.”

அதில் உண்மையான வருத்தம் இருந்தது. அதனால் பறந்தது. அடுத்த வாரம் மூன்றே பேர். அதன்பின் ஈ காக்கை இல்லை.

அப்போது பார்த்து நிஜமாகவே நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். அந்தப் பெண் இம்முறை தேதி, மாதம், வருஷம், கிழமை எல்லாம் போட்டாள். சனிக்கிழமை நாற்பது நாற்காலி, தேர்வு நடத்த மூன்று அதிகாரிகள், பிளாஸ்க் நிறைய டீ. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒருவரும் வரவில்லை. மேஜர் பழைய நம்பர்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்.

“இதுக்கெல்லாம் ஏமாற மாட்டோம். மேஜரே சொல்லிட்டாரு.”

“நான்தாங்க மேஜர்!”

“போன வாரமும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்.”

இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். குரலைக் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

ஒரு மணிக்குள் வந்தவர்களின் பட்டியலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெறும் தாளை அனுப்பினால் மேனேஜர் தலை உருளும். பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் ஓடிவந்தாள்.

“அண்ணே, ஒரு ஆளாவது வந்து உக்காரணும். நீங்க வாங்கண்ணே.”

“ஒரிஜினல் இல்லியேம்மா.”

“ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலை ஒரு மாசத்துல குடுங்க.”

 மேஜர் கேட் மேசையின் டிராயரைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். ஜெராக்ஸ் இரண்டு செட், போட்டோ நான்கு, எல்லாம் வரிசையாக. எப்போது எடுத்து வைத்தாரோ! 

ஆனால் விதி விதிதான். வெளியாள் உள்ளே போக கேட்டில் சீட்டு வேண்டும். மேஜரே சீட்டு எழுதினார். வந்தவர் இடத்தில் ஒரு கையெழுத்து, அனுமதித்தவர் இடத்தில் இன்னொன்று. விசிட்டர் அட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, தொப்பியை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே நடந்ததை அந்தப் பெண் சொன்னாள். ஒன்பது வருஷமாகத் தினமும் தனக்கு சல்யூட் வைத்தவரிடம் மேனேஜர், “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றாராம். பிறகு, “ஏ ஷிப்ட் மட்டும் கிடையாது. வாரா வாரம் மாறும், தெரியுமா?”

“தெரியும் சார். முந்நூறு பேருக்கு நான்தான் விளக்கிச் சொல்லியிருக்கேன்.”

நாற்பது இடம், ஒரு ஆள். தேர்வாகிவிட்டார். மார்க் ஷீட்டைத் தர ஏஜென்சி மூன்று வாரம் இழுத்தடித்தது. அந்தப் பெண் தினமும் போன் போட்டுக் கறந்துவிட்டாள்.

முதல் வாரமே ஏ ஷிப்ட். முதல் நாள் இரண்டு மணிக்கு என் எதிரே கார்டைத் தேய்த்துவிட்டு, யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி வேகமாகப் போனார். மறுநாள் வந்து சொன்னார். கதவைத் திறந்த மனைவி, நடுப்பகலில் வாசலில் நிற்கும் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

“அனுப்பிட்டாங்களா?”

“இல்லடி. இன்னிக்கு வேலை முடிஞ்சுது.”

“முடிஞ்சுதுன்னா?”

“முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது. அவ்வளவுதான்.”

அவள் வெளியே வெயிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “அப்போ பொழுது சாயற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“தெரியலையேடி” என்று சொல்லிவிட்டு மேஜர் அழுதுவிட்டாராம்.