நடு எண்

தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். இருபதாயிரத்துச் சொச்சம் ஸ்க்ரூக்களின் நீளங்களில் நடு எண்ணை, அதாவது வரிசையாக அடுக்கினால் மத்தியில் வரும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவது வெட்டி வேலை என்று எனக்குத் திமிர். என் புரோகிராம் முதல் எண்ணை எடுக்கும். அதைவிடச் சின்னவற்றை இடப்பக்கமும் பெரியவற்றை வலப்பக்கமும் தள்ளும். நடு எண் இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரிக்கும். கலைந்து கிடந்த எண்களைக் கொடுத்துச் சோதித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு உண்மையான ஃபைலைக் கொடுத்தேன். டீ ஆறிப்போயும் விடை வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு எண்தான் கழிந்துகொண்டிருந்தது. எண்களை டைப் செய்த அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கிக் குடுத்தேன் சார், உங்களுக்கு ஈஸியா இருக்கட்டும்னு."

அப்படியானால் முதல் எண்தான் எப்போதும் ஆகச் சின்னது; இடப்பக்கம் தள்ள ஒன்றுமே இருக்காது. ஓடிவந்து, முதல் எண்ணுக்குப் பதில் குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்றை எடுக்கும்படி மாற்றினேன். உடனே விடை வந்துவிட்டது. துள்ளாத குறையாக அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் அடுக்கியே குடுத்தேனே சார். நட்டநடுவுல இருக்கறத எடுத்திருக்கலாமே."